காலி பாட்டில் டெபாசிட்: மூன்று வருடம் தாண்டினால் பணம் போய்விடுமா?

கேள்வி: தென்காசி பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். 2018ல் குளிர்பான ஏஜென்சிக்காரர் 20 கிரேட் கண்ணாடி பாட்டிலுக்கு 8,000 ரூபாய் டெபாசிட் வாங்கினார். கிரேட்டுக்கு 24 பாட்டில். பாட்டிலுக்கு 10 ரூபாய், பெட்டிக்கு 160. இப்போது பிளாஸ்டிக் பாட்டில்தான் போடுகிறார். போன மாதம்தான் முதல்முறையாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கண்ணாடி பாட்டில் இப்ப ஓடுறதில்ல, காலிய எடுக்க மாட்டோம். மூணு வருஷம் தாண்டிருச்சு, கேஸும் நிக்காது" என்கிறார். ஒரு கிரேட் தொலைந்துவிட்டது, 7 பாட்டில் உடைந்துவிட்டது. கடைசி பில் 1,150 ரூபாய் நான் தர வேண்டும். மீதி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். அவர் சொல்லும் மூன்று வருடக் கணக்கு கடனுக்குப் பொருந்தும், டெபாசிட்டுக்குப் பொருந்தாது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. கேட்டால் தருவதாகச் சொல்லி வாங்கிய கடன் 21ஆவது இனத்தில் வருகிறது. அதற்குக் கடன் கொடுத்த நாளிலிருந்தே மூன்று வருடம் ஓடத் தொடங்கும். கேட்டால் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் வைத்த டெபாசிட் 22ஆவது இனம். அதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்துதான் அந்த மூன்று வருடம் ஓடும். நீங்கள் போன மாதம்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆனால் இனி அது நிற்காமல் ஓடும். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இது தெரிந்தால் ஏஜென்சி பேச்சை மாற்றி, "அது டெபாசிட்டே இல்லை, பாட்டிலை உங்களுக்கு விற்றுவிட்டோம்" என்று சொல்லக்கூடும். அதற்குப் பதில் பழைய பில்லிலேயே இருக்கும். சரக்கின் விலைக்கு ஜிஎஸ்டி போட்டு, பாட்டில் தொகையை வரி போடாமல் தனியாகக் காட்டியிருந்தால், அதை விலையாக அவரே கருதவில்லை என்று அர்த்தம். ஜிஎஸ்டி சட்டப்படி டெபாசிட்டை விலையில் கழித்துக்கொள்ளாதவரை அது விலை ஆகாது. ஆந்திர அரசுக்கும் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்துக்கும் நடந்த விற்பனை வரி வழக்கிலும், திரும்பி வர வேண்டிய பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் வாங்கிய டெபாசிட் விற்பனைத் தொகை அல்ல என்று 1997ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பில் கிடைக்காவிட்டால் டெபாசிட் சீட்டு, ஏஜென்சி வேன்காரர் கையெழுத்துப் போட்ட காலி பாட்டில் நோட்டு, வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் எடுத்து வையுங்கள். உங்கள் கணக்கு நோட்டு மட்டும் தனியாக நின்று பாக்கியை நிரூபிக்காது. அவர் தரப்பு எழுத்து ஒன்றாவது கூட வேண்டும்.

"காலியை எடுக்க மாட்டோம்" என்பதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம். பாட்டில் வந்தால்தான் பணம் என்பது உங்கள் ஒப்பந்தம். நீங்கள் சும்மா இருந்தால், "அவர் பாட்டிலைக் கொண்டுவரவே இல்லை" என்று பின்னால் சொல்ல இடமுண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி, முறையாகத் தர முன்வந்தும் எதிராளி வாங்க மறுத்தால் தராத குற்றம் உங்கள் மேல் விழாது. அதனால் பாட்டில்களைக் கழுவி அடுக்கி, எண்ணி, படம் எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதுங்கள். இத்தனை கிரேட் தயாராக இருக்கிறது, இந்த நாளில் கடைக்கு வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் குடோனில் இறக்குகிறேன், அப்போதே டெபாசிட்டைத் தர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். பிளாஸ்டிக்குக்கு மாறியது அவர் வியாபார முடிவு. அதன் நஷ்டத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது. பழைய இரும்புக்கடையில் மட்டும் பாட்டிலைப் போட்டுவிடாதீர்கள், கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும்.

கடிதத்தில் கணக்கை நேர்மையாகவே எழுதுங்கள். தொலைந்த கிரேட்டை விட்டால் 19 கிரேட், 7,600 ரூபாய். உடைந்த 7 பாட்டிலுக்கு 70 போக 7,530. கடைசி பில்லைக் கழித்தால் 6,380. "7 பாட்டில் குறைந்ததால் முழு டெபாசிட்டும் பறிமுதல்" என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அனுமதிக்காது. 15 நாள் தவணை கொடுத்து, தவறினால் வட்டியும் கேட்பேன் என்று எழுதி, ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். எழுத்தில் வட்டி கேட்ட நாளிலிருந்துதான் பொதுவாக வட்டி கிடைக்கும்.

அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டாம். மறுவிற்பனைக்குச் சரக்கு வாங்குபவர் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுகர்வோர் அல்ல. மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இந்தத் தொகைக்கு வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுப்பதே சரியான வழி. கட்டணம் கிடையாது, அவருக்கு அழைப்பு போகும், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டால் அந்த உத்தரவு கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அவர் வராவிட்டாலோ சம்மதிக்காவிட்டாலோ முன்சீப் கோர்ட்டில் பண வழக்குப் போடலாம். இடையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளை நீட்டினால், 6,380 கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.