அம்மாவைப் பாத்துக்க 6 வாரம் சம்பளமில்லா லீவ்

"டெக்சாஸ்ல வேலை, மதுரைல அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், 6 வாரம் சம்பளமில்லா லீவ் கேட்டா மேனேஜர் இழுக்கிறார்."

மேனேஜரை விடுங்க, நேரா எச்ஆர்கிட்ட, குடும்ப, மருத்துவ லீவுக்கான அமெரிக்கச் சட்டமான எஃப்எம்எல்ஏ படி லீவ் வேணும்னு மெயில் போடுங்க. கம்பெனில ஒரு வருஷம் முடிச்சு, கடைசி 12 மாசத்துல 1,250 மணி நேரம் வேலை பாத்திருந்து, உங்க ஆபீஸைச் சுத்தி 75 மைலுக்குள்ள கம்பெனிக்கு 50 ஊழியர்களாவது இருந்தா 12 வாரம் வரைக்கும் உரிமை இருக்கு, அம்மா இந்தியால இருக்காங்கன்னு மறுக்க முடியாது. சிக்கல் வர்றது டாக்டர் சர்டிபிகேட்லதான். அதுக்கான WH-380-F ஃபார்மை மதுரை டாக்டரே நிரப்பலாம், ஆனா "வயசானவங்க, துணை வேணும்"னு மட்டும் எழுதினா பத்தாது, என்ன ஆபரேஷன், எத்தனை வாரம் தானா நடக்கவோ குளிக்கவோ முடியாதுன்னு இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. எச்ஆர் கேட்டதுல இருந்து 15 நாள்தான் டைம், அதனால இப்பவே அந்த டாக்டர்கிட்ட பேசிடுங்க. கம்பெனி ஹெல்த் இன்சூரன்ஸ் தொடரும், உங்க பங்கு பிரீமியத்தை மட்டும் எப்படிக் கட்டணும்னு கேட்டு வச்சுக்கோங்க.