பேப்பரில் எழுதிய சி நிரல்: எந்தத் தவறுக்கு எவ்வளவு வெட்டுவது?

"கூட்டுத்தொகை கேள்விக்கு மாணவி எழுதியது இது. `for` வரியின் கடைசியில் அரைப்புள்ளி. லாஜிக் தவறு என்று முழுதாக வெட்டலாமா?"

```c
for (i = 0; i <= n; i++);
{
    s = s + a[i];
}
```

அரைப்புள்ளிக்கு அரை மார்க் போதும். நிஜமான லாஜிக் தவறு `<=`தான், பெரிய வெட்டு அதற்கு.

கம்ப்யூட்டரில் அந்த அரைப்புள்ளி லூப்பை வெறுமனே சுற்றவிடும், எரரும் வராது. ஆனால் அடைப்புக்குறி போட்டு உள்ளே தள்ளி எழுதியிருக்கிறாரே, எண்ணம் தெளிவு. வரிக்கு வரி அரைப்புள்ளி வைத்த கைப்பழக்கம்தான். (சென்னை மே மாதத்தில் கட்டுக்கட்டாகத் திருத்தும்போது நானே ஒரு முறை இதற்கு சுழியம் போட்டு, அப்புறம் மாற்றினேன்.)

சந்தேகமானால், அரைப்புள்ளியை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். n = 3, எண்கள் 4, 9, 2. i = 2 வரை 15 சரியாக வருகிறது. அடுத்து i = 3, இல்லாத `a[3]`ஐயும் கூட்டுகிறது. எழுத்துப்பிழையைத் திருத்திய பிறகும் விடை தப்பினால் அது லாஜிக்.

ஆனால் அதே தாளில் எல்லா லூப்பிலும் அரைப்புள்ளி இருந்தால் அது கைதவறல் இல்லை, தெரியவில்லை. அப்போதும் ஒரே முறைதான் வெட்டுங்கள். கேள்வியே 'பிழையைக் கண்டுபிடி' என்றால் இந்தச் சலுகை கிடையாது.