தண்ணீர் கூடினால் வைப்ரேட்டர் தேவையில்லையா?

கேள்வி: 12 சென்டிமீட்டர் தளம் போடப் போகிறோம். "கலவையை இளக்கமா விட்டா அதுவே பரவிடும், வைப்ரேட்டர் வாடகை வீண்செலவு" என்கிறார் மேஸ்திரி. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த வாடகையை மிச்சம் பிடித்தால் தளத்தின் பலம்தான் குறையும்.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5. இதில் சிமெண்ட் வேதிவினையில் பிடித்துக்கொள்வது சுமார் 12 லிட்டர்தான். மீதியில் பெரும்பகுதி கலவையைக் கையாள்வதற்காகச் சேர்ப்பது. அது பின்னர் வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. இளக்கத்துக்காக இன்னொரு 10 லிட்டர் வாளியை ஊற்றினால் விகிதம் 0.7 ஆகிவிடும். பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மேலே சிமெண்ட் பால் மிதக்கும், காய்ந்தபின் தளம் புழுதி விடும், சுருக்க விரிசலும் வரும்.

மணலில் இருக்கும் ஈரத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூட்டைக்கு 80 கிலோ மணல், அதில் 5 சதவீத ஈரம் என்றால் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அப்போது ஊற்ற வேண்டியது 21 லிட்டர். அளவு போட்ட வாளி ஒன்றை மிக்சர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். குழாயை நேராக டிரம்முக்குள் விடக் கூடாது. கலவை உண்மையிலேயே இறுகலாக இருந்தால், தண்ணீர் கூட்டாமலே அதை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். அது கிடைக்காதபோது, கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு 5 லிட்டருக்கும் 10 கிலோ சிமெண்டும் சேர வேண்டும்.

மேஸ்திரி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அளவான தண்ணீர் விட்ட கலவை கம்பிக்கடியில் தானாகப் போய் நிறையாது. அதற்குத்தான் வைப்ரேட்டர். உள்ளே 5 சதவீதம் காற்று தங்கினாலும் பலத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

வைப்ரேட்டரில் கலவைக்குள் இறங்கி அதிரும் ஊசி 40 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தளம் மெல்லியது என்பதால் செங்குத்தாக விட்டால் ஊசியின் தலை முழுவதும் முங்காது. சாய்த்து விட வேண்டும். சட்டென்று இறக்கி, 5 முதல் 15 விநாடி வைத்து, மெதுவாக எடுங்கள். குமிழி வருவது நின்று, ஜல்லி மூடி, மேற்பரப்பு பளபளத்தால் அந்த இடம் முடிந்தது. அடுத்த குத்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி. எடுத்த இடத்தில் குழி நின்றால் கலவை இறுகல், அல்லது ஊசியை வேகமாக உருவியிருக்கிறார்கள்.

ஊசியால் கலவையைத் தள்ளிப் பரப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். சாந்து முன்னே ஓடும், ஜல்லி பின்னே தங்கும். பரப்புவதற்கு மண்வெட்டி இருக்கிறது. கம்பியில் ஊசியை வைத்து அதிரவிடுவதும் கூடாது.

ஒப்பந்தத்தில் மூட்டைக்கான தண்ணீர் அளவையும் இரண்டு ஊசிகளையும் எழுதி வாங்குங்கள். இருக்கும் ஒரே ஊசி பாதித் தளத்தில் நின்றுபோனால், இளகலாக்கும் தண்ணீர் வாளிதான் முதலில் வந்து நிற்கும்.