சார்ஜ்பேக்: கூரியர் ரசீது ஏன் போதாது?

"கூரியர் ரசீது கையில் இருக்கு. ஆனாலும் 'பொருள் வரவில்லை' என்று சார்ஜ்பேக். என்ன அனுப்புவது?" இது ஆன்லைனில் விற்பவர் ஒருவரின் கேள்வி.

சார்ஜ்பேக் என்பது, கார்டுக்காரர் தன் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது. புகாரே 'வரவில்லை' என்பதால், பொருள் போய்ச் சேர்ந்ததைத்தான் காட்ட வேண்டும். ரசீது கிளம்பியதை மட்டுமே சொல்லும். முன்பு பதிவுத் தபாலில் ரசீது வேறு, கையெழுத்தாகித் திரும்பும் ஒப்புகை அட்டை வேறாக இருந்ததல்லவா, அதுபோல.

ஈரோட்டிலிருந்து மதுரைக்குப் போன 2,400 ரூபாய் சேலை என்று வையுங்கள். ரசீதிலுள்ள டிராக்கிங் எண்தான் டெலிவரி பதிவிலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவின் பின்கோடு ஆர்டர் முகவரியோடு பொருந்த வேண்டும். பின்கோடு மாறியிருந்தால் மற்ற ஆதாரங்களும் வலுவிழக்கும். "சேலை வந்துச்சு, கலர்தான் கொஞ்சம் டல்" என்று வாங்கியவர் அனுப்பிய செய்தி இருந்தால் அது பொன். அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எல்லாவற்றையும் சார்ஜ்பேக் அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் அனுப்புங்கள்.

வாங்கியவருக்குத் தனியாகப் பணம் போட்டால் புகார் தானாக மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடாது, பணம் இருமுறை போகக்கூடும்.