குழந்தைக்கு என் பெயரா, தாத்தா பெயரா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறோம். இன்னும் சில வாரங்களில் முதல் குழந்தை பிறக்கப்போகிறது. என் பாஸ்போர்ட்டில் லாஸ்ட் நேமாக அப்பா பெயர் இருக்கிறது. குழந்தைக்கும் அதையே தொடர வேண்டுமா, அல்லது நம்மூர் வழக்கப்படி என் பெயரைப் போடலாமா? அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு லாஸ்ட் நேம் இருந்தால் பள்ளிக்கூடத்தில் சிக்கல் வருமா?

பதில்:

உங்கள் பெயரையே போடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் குழந்தையின் லாஸ்ட் நேம் அப்பாவின் லாஸ்ட் நேமோடு ஒத்துப்போக வேண்டும் என்று விதி கிடையாது. பிரசவம் முடிந்ததும் மருத்துவமனையிலேயே பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தைக் கொடுப்பார்கள். அதில் நீங்கள் எழுதிக்கொடுப்பதுதான் பெயர். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் அந்தப் படிவத்திலேயே விண்ணப்பித்துவிடலாம் என்பதால், அங்கே விழுகிற எழுத்துப்பிழை அடுத்த அட்டையிலும் அப்படியே வந்து உட்காரும். நிதானமாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

ஒரு பேச்சுக்கு உங்கள் பெயர் செந்தில்குமார், அப்பா ஆறுமுகம், மனைவி கவிதா, மாமனார் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் நீங்கள் ஆ. செந்தில்குமார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது என்பதால் அது விரிந்து, சர்நேம் கட்டத்தில் ஆறுமுகம் போய் உட்கார்ந்துவிட்டது. இங்கே வந்த நாளிலிருந்து வங்கியில், டாக்டர் வீட்டில், அலுவலக மின்னஞ்சலில் எல்லாம் நீங்கள் மிஸ்டர் ஆறுமுகம். இது உங்களுக்குப் பழகியிருக்கும். மகனுக்கு இனியன் ஆறுமுகம் என்று வைத்தால் உங்கள் இருவருக்கும் லாஸ்ட் நேம் ஒன்றாகிவிடும், உண்மைதான். ஆனால் ஆறுமுகம் என்கிற தனி மனிதரின் பெயர் அத்தோடு குடும்பப் பெயராக உறைந்துவிடும். உங்கள் தம்பி பிள்ளைகள் ஊரில் தம்பி பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டிருக்க, உங்கள் பிள்ளை மட்டும் தாத்தா பெயரில் இருப்பான். எனக்கு அது ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் என் பெயர்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் மனைவி பாஸ்போர்ட்டில் கவிதா செந்தில்குமார் என்று மாற்றியிருந்தால், இனியன் செந்தில்குமாரும் அவரும் ஒரே லாஸ்ட் நேம். குடும்பத்தில் அந்தப் பெயர் இல்லாத ஒரே ஆள், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான நீங்கள்தான். அதனால் எந்த கவுண்டரிலும் விளக்கம் சொல்லும் வேலை அப்பாவுக்கே வரும். மனைவி ராமசாமி என்றே வைத்திருந்தால் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று லாஸ்ட் நேம். அதுவும் ஒன்றும் குடிமுழுகிப் போகிற விஷயமில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். மறுமணம், விவாகரத்து, பெயரை மாற்றிக்கொள்ளாத அம்மாக்கள் என்று அமெரிக்கப் பள்ளிகள் பார்க்காத குடும்பம் இல்லை. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பெயர் வேறாக இருப்பது அவர்களுக்குத் தினசரி சங்கதி. ஆசிரியை பிள்ளையின் லாஸ்ட் நேமைப் பார்த்துவிட்டு 'மிஸ்டர் செந்தில்குமார்' என்று கடிதம் எழுதுவார். இந்த நாட்டில் உங்களை உங்கள் சொந்தப் பெயரில் மிஸ்டர் போட்டுக் கூப்பிடும் ஒரே இடம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், மாலையில் பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது. அலுவலகத்தில் அடையாள அட்டை கேட்பார்கள், கணினியில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் நம்மவர்கள் பழக்கதோஷத்தில் செந்தில்குமார் என்று மட்டும் எழுதிவிடுவார்கள், அல்லது பிள்ளையின் லாஸ்ட் நேமையே தன்னுடையதாகவும் போட்டு 'செந்தில்குமார் செந்தில்குமார்' ஆகிவிடுவார்கள். கையில் இருக்கும் லைசென்ஸ் 'செந்தில்குமார் ஆறுமுகம்' என்று சொல்லும். வாசலில் நிற்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு யோசிப்பார். லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்தில் எழுதுங்கள், உறவு என்ற கட்டத்தில் தந்தை என்று போடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி கூட்டிவருவார்கள் என்றால் அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அவர்கள் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கு இன்னும் வேறு லாஸ்ட் நேம் இருக்கும்!

பள்ளிக்கு முன்னால் மருத்துவமனையிலேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பிறந்தவுடன் குழந்தையின் கட்டில் அட்டையில் அம்மாவின் லாஸ்ட் நேமைத்தான் எழுதுவார்கள். கவிதா இன்னும் ராமசாமி என்றால் குழந்தை 'பேபி பாய் ராமசாமி'. முதல் பில்களும் அந்தப் பெயரில் வரக்கூடும். அலுவலகக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்க்கப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். சேர்த்தபின் மருத்துவமனை பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு, அந்த ராமசாமியும் இந்த செந்தில்குமாரும் ஒரே குழந்தைதான் என்று சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் 'இப்படி ஒருவர் எங்களிடம் இல்லை' என்று திருப்பி அனுப்பும்.

குழந்தையின் லாஸ்ட் நேமைவிட முக்கியம், பிறப்புச் சான்றிதழில் உங்கள் இருவரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருப்பது. இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கும். அமெரிக்க பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. ஆகவே இனியன் உங்கள் பிள்ளை என்பதற்கு அவன் பாஸ்போர்ட் சாட்சி சொல்லாது, பிறப்புச் சான்றிதழ்தான் சொல்லும். அவனுக்கு பாஸ்போர்ட் எடுக்க, ஓசிஐ அட்டை வாங்க, பள்ளியில் சேர்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். பிறப்புச் சான்றிதழ் படிவத்தில் அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் கேட்பார்கள். அங்கே கவிதா ராமசாமி என்று பழைய பாஸ்போர்ட்டில் இருந்தபடி எழுத வேண்டும், வெறும் இனிஷியல் போதாது. சான்றிதழைத் திருத்தும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நாள் கடந்தால் பெயர் மாற்றத்துக்கு நீதிமன்றம்வரை போக வேண்டிவரலாம்.

பயணத்தில் நீங்கள் மட்டும் பிள்ளையோடு போனால், சான்றிதழின் நகலும் மனைவி கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பையில் இருக்கட்டும். எங்களை ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. கேட்ட அன்று எடுத்து நீட்டியதும் விட்டுவிட்டார்கள்.

கடைசியாக, உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவருடைய ஒற்றைப் பெயர் லாஸ்ட் நேமாகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் FNU என்று வந்திருக்கும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கம் அது. லைசென்ஸிலும் அப்படியே ஏறியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் FNU கவிதா என்று பதிவாகிவிட்டால் பிற்பாடு அதைக் கழுவ அலைய வேண்டும். பிரசவத்துக்குச் சில வாரம்தான் இருப்பதால் இப்போது பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்க நேரம் போதாது. படிவம் நிரப்ப வருபவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, FNU என்பது பெயரே அல்ல என்று சொல்லி, அந்த மாநிலத்தில் ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.