கிணற்றுத் தண்ணீரும் 39ஆவது மின்னஞ்சலும்

கேள்வி: பிஎச்டி இடம் கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதப் போகிறேன். கூடவே சின்னக் கடிதம் ஒன்றும் இணைக்கச் சொல்கிறார்கள். எதில் எதை எழுதுவது? நான் யாழ்ப்பாணம்.

பதில்: நீங்கள் இன்னும் ஒருவருக்கும் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். நான் 38 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். எந்தத் தலைப்பிலும் ஆய்வு செய்யத் தயார் என்று எழுதி, சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இணைத்திருந்தேன். ஒரு பதிலும் இல்லை.

கம்பஸ் இறுதியாண்டில் சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் 24 கிணறுகளில் நைத்திரேற்று அளந்திருந்தேன். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீரைத்தான் குடிக்கிறோம். சில கிணறுகளில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியிருந்தது. அது வெங்காயத் தோட்டத்து யூரியாவா, மலசலகூடக் குழியா என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே காணிக்குள் இருக்கும்போது அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நைதரசன், ஒட்சிசன் அணுக்களின் நிறை வேறுபட்ட வகைகளான சமதானிகளை வைத்து அதைப் பிரித்துப் பார்க்கும் ஒருவர் ஜேர்மனியில் இருந்தார். 39ஆவது மின்னஞ்சலை அவருக்காகவே எழுதினேன்.

மின்னஞ்சல் ஒன்பது வரி. நான் யார், என்ன அளந்தேன், எங்கே நின்றுவிட்டேன். பிறகு அவருடைய கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி: உங்கள் ஆய்விடம் மணல் நிலம், வெடிப்புகளால் தண்ணீர் விரைவாக இறங்கும் சுண்ணாம்புக்கல்லிலும் இந்த முறை சரிவருமா? கடைசியில், ஜேர்மனியின் டிஏஏடி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், மேற்பார்வை செய்யச் சம்மதமா என்று கேட்டேன். அங்கே சம்பளத்தோடு வரும் இடங்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்தின் பணத்தில் உருவாகி விளம்பரமாகும். மின்னஞ்சலைப் பார்த்து அவரால் அப்படி ஒன்றை உண்டாக்க முடியாது. சம்மதக் கடிதம் தரலாம். உதவித்தொகைக்கு வேண்டியதும் அதுதான்.

இணைத்த கடிதம் ஒரே பக்கம். மின்னஞ்சலில் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாதிரி எடுத்தேன், எது விடுபட்டது, மூன்று வருடத்தில் என்ன செய்வேன், அவ்வளவுதான். அனுப்ப முன் எங்கள் சேர் ஒரு பிழை பிடித்தார். ஓரிடத்தில் நைத்திரேற்றாகவும் இன்னோரிடத்தில் அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும் நைத்திரேற்று நைதரசனாகவும் அளவைக் கொடுத்திருந்தேன். முதலாவதில் 50 என்பது இரண்டாவதில் கிட்டத்தட்ட 11. அப்படியே போயிருந்தால் துறை தெரிந்தவர் அந்த இடத்திலேயே மூடி வைத்திருப்பார்.

ஆறாம் நாள் பதில் வந்தது. பணம் கிடையாது, ஆனால் மூலத் தரவை அனுப்புங்கள் என்று இரண்டு வரி. அனுப்பினேன். பேசினோம். சம்மதக் கடிதமும் வந்தது.

நூறு பேருக்கு அனுப்பித்தான் எனக்குக் கிடைத்தது என்று இங்கே யாராவது சொல்லலாம். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வருடம் நான் விண்ணப்பிக்கவில்லை. பெறுபேற்றுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தரம் போனேன். பொறுப்பானவர் லீவு, நாளைக்கு வாங்கோ, படிவம் மாறிவிட்டது. இரண்டு மாதம். கையில் கிடைத்தபோது முடிவுத் திகதி போய் ஒன்பது நாள். அதை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. நீங்கள் மின்னஞ்சலைத் தொடங்க முன்னமே பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.