சர்க்கரை மூன்றாவது இடத்தில் இருந்தால் குறைவு என்று பொருளா?

கேள்வி: குழந்தைக்கு வாங்கும் ஓட்ஸ் சிற்றுண்டியின் பாக்கெட்டில், சேர்மானப் பட்டியலில் ஓட்ஸ் முதலிலும் சர்க்கரை மூன்றாவதாகவும் பாதாம் கடைசிக்குச் சற்று முன்பும் இருக்கின்றன. சர்க்கரை குறைவு என்று நம்பி வாங்கலாமா?

பதில்: வரிசையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். வரிசை பொய் சொல்வதில்லை. ஆனால் அது இன்னதைவிட இன்னது அதிகம் என்று மட்டும் சொல்லும், எவ்வளவு அதிகம் என்று சொல்லாது.

பன்னாட்டு உணவுத் தர விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் பொது லேபிள் விதி (1985), தயாரிக்கும் நேரத்தில் உள்ளே போடப்படும் எடையை வைத்து, அதிகத்திலிருந்து குறைவுக்கு இறங்கும் வரிசையில் எழுதச் சொல்கிறது. பல நாடுகளின் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. கன அளவை எடுத்திருந்தால் காற்றடைத்துப் பொரித்த தானியம் எப்போதும் முன்னால் வந்து நின்றுவிடும்; எடையில் அந்தக் குழப்பம் இல்லை. தொழிற்சாலையின் கலவைத் தாளில் பதிவாவதும் எடைதான். ஆய்வாளர் அதைச் சரிபார்க்க முடியும். செய்முறை இரகசியம் வெளியாகாமல் வாங்குபவருக்கும் ஒரு துப்பு கிடைக்கட்டும் என்ற சமரசம் இது. எல்லாவற்றுக்கும் சதவீதத்தைப் போடச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதற்கு மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் பாக்கெட்டைப் போன்ற ஒன்றை 100 கிலோ கலவையாக எடுத்துக்கொள்வோம். ஓட்ஸ் 31 கிலோ, கோதுமை மாவு 22, சர்க்கரை 18, குளுக்கோஸ் சிரப் 13, எண்ணெய் 9, தேன் 5, உப்பு 1, பாதாம் 0.8, சுவையூட்டி 0.2. பட்டியலில் சர்க்கரை மூன்றாவது இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சர்க்கரை, சிரப், தேன் என்ற மூன்று இனிப்புகளையும் கூட்டினால் 36 கிலோ, அதாவது ஓட்ஸைவிட அதிகம். ஒரே இனிப்பாகப் போட்டிருந்தால் அதுதான் முதல் வரியில் நின்றிருக்கும். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் எரிச்சல். லேபிளை "அழகாக்கித் தருகிறேன்" என்று கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் சர்க்கரையை நான்கு பெயர்களாகப் பிரித்துப் போட்ட செய்முறைத் தாளை, பெருமையுடன் என் மேசையில் வைத்ததை நான் மறக்கவில்லை. ஆகவே டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வெர்ட் சிரப், பழச்சாறு அடர்வு என்று எந்தப் பெயரில் வந்தாலும், அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருந்தாலும், அவற்றை மனத்தளவில் ஒரே குவியலாகச் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். கணக்கில் வருவது உள்ளே போட்ட எடை, உங்கள் கைக்கு வந்து சேர்ந்த எடை அல்ல. பழக்கூழ் 40 கிலோ, மாவு 30, சர்க்கரை 20, எண்ணெய் 10 என்று கலந்து சுட்ட ஒரு பழக்கட்டியில் பழமே முதலிடம் பெறும். அந்தக் கூழில் 85 சதவீதம் தண்ணீர் என்றால் அடுப்பில் ஏறக்குறைய 34 கிலோ ஆவியாகி, பழத்தின் சத்தாக 6 கிலோதான் எஞ்சும். அதாவது பட்டியலில் முதலாவதாக நிற்கும் பழம், வாயில் போடும்போது மாவுக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் பின்னால் கடைசியில் நிற்கிறது. எனவே சுட்ட, உலர்த்திய பண்டங்களில் பழக்கூழோ புதுக் காய்கறியோ முன்னால் நின்றால், அதைத் தண்ணீரோடு நிறுத்தது என்று நினைவில் வையுங்கள். தானியமும் சர்க்கரையும் உலர்ந்தே உள்ளே போவதால் உங்கள் ஓட்ஸுக்கு இந்தச் சிக்கல் அதிகம் இல்லை.

கடைசியாக, பாதாம். உப்பு பட்டியலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின்னால் வருவது உப்பைவிடக் குறைவு. ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்குச் சோடியம் 400 மில்லிகிராம் என்றிருந்தால், அதை இரண்டரையால் பெருக்குங்கள். உப்பு அதிகபட்சம் 1 கிராம் என்று வரும். அப்படியானால் உப்புக்குப் பின்னால் நிற்கும் பாதாம் 100 கிராமில் 1 கிராமுக்கும் குறைவு, ஏறக்குறைய ஒரே ஒரு பருப்பு. சில நாடுகளில் 2 சதவீதத்துக்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுத அனுமதி உண்டு; அங்கே விற்கும் பாக்கெட்டானால், பாதாம் 2 கிராமைத் தாண்டாது என்ற அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்லலாம். பாக்கெட்டின் முகப்பில் பாதாம் படம் போட்டிருந்தால், கோடெக்ஸ் விதிப்படி அதன் சதவீதத்தையும் குறிப்பிட வேண்டும். பட்டியலில் "பாதாம்" என்ற சொல்லுக்குப் பக்கத்திலோ பொருளின் பெயருக்கு அருகிலோ சிறிய எழுத்தில் அந்த எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.